மணிக்கு எந்த வரி, பலகைக்கு எந்த வரி?

அம்மா தவறி ஓராண்டு நிறைவதற்கு முன்பாக, சிங்கப்பூரில் எங்கள் பேட்டையில் உள்ள அம்மன் கோயிலுக்கு ஒரு வெண்கல மணி செய்து கொடுப்பது என்று முடிவு செய்தோம். கும்பாபிஷேகம் நெருங்கிக்கொண்டிருந்தது, மண்டப வாசலில் மணி மாட்ட இடம் இருந்தது, நிர்வாகக் குழுவும் ஒப்புக்கொண்டது. மணியில் ஒரு வரி பொறித்துக்கொள்ளலாம் என்றார்கள். பக்கத்துத் தூணில் 30 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரத்தில் ஒரு உபயப் பலகையும் வைக்கலாம். என்ன எழுதுவது என்பதை மட்டும் எங்களிடமே விட்டுவிட்டார்கள். அதை முடிவு செய்ய எங்களுக்கு ஏழு வாரம் ஆனது. இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்கு உதவும் என்று, நாங்கள் எடைபோட்டுப் பார்த்த வரிகளையும் எது ஏன் நின்றது, எது ஏன் விழுந்தது என்பதையும் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று புரிந்தது. மணியும் பலகையும் ஒரே வேலையைச் செய்வதில்லை. மணியை எல்லாரும் கேட்கிறார்கள், ஆனால் படிப்பவர் குறைவு. தலைக்கு மேலே தொங்குகிறது, வளைந்திருக்கிறது, அடிக்கும்போது ஆடுகிறது. பலகை கண் மட்டத்தில் இருக்கிறது. வரிசையில் நிற்கிறவர், மழைக்கு ஒதுங்குகிறவர், பிரசாதத்துக்குக் காத்திருக்கிறவர் எல்லாரும் அதைப் படிப்பார்கள். தொடக்கத்தில் நாங்கள் இரண்டுக்கும் ஒரே பாட்டைப் போடத்தான் நினைத்தோம். அந்த எண்ணத்தைக் கைவிட்ட பிறகுதான் வேலை நகர்ந்தது.

ஒரு மணியில் எத்தனை எழுத்து பிடிக்கும்

எங்கள் மணியின் வாய் விட்டம் 40 செ.மீ. ஆனால் எழுத்து வருவது வாய்ப் பக்கத்தில் அல்ல. நாக்கு வந்து மோதும் விளிம்பு மணியிலேயே தடித்த பகுதி, ஓசை பிறக்கும் இடம். அங்கே எதையும் ஒட்டவோ வெட்டவோ கூடாது. மேலே, தோளுக்குச் சற்றுக் கீழே ஒரு பட்டைபோல ஓடும் இடத்தில்தான் எழுத்து. அங்கே எங்கள் மணியின் விட்டம் 24 செ.மீ., சுற்றளவு ஏறக்குறைய 75 செ.மீ. நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 25 செ.மீ., கண்ணுக்கு நேராகத் தெரியும். மீதி வளைந்து பின்னால் போய்விடும். சுற்றி நடந்து படிக்கிற மாதிரி எழுதலாம்தான். ஆனால் வாசலில் தொங்கும் மணியை யாரும் சுற்றி வருவதில்லை.

இந்த 25 செ.மீ.-தான் எல்லாவற்றையும் தீர்மானித்தது.

தமிழில் எழுத்தெண்ணிக்கையை மட்டும் வைத்துக் கணக்குப் போட முடியாது. 'லா' இலக்கணப்படி ஓர் எழுத்து, ஆனால் இடம் பிடிப்பது ல, கால் என்று இரண்டு உருவங்கள். 'சை', 'யே' இரண்டும் அப்படியே. 'கொ' வந்தால் மூன்று. ஆகவே நான் உருவங்களை எண்ணினேன். 12 மி.மீ. உயர எழுத்து என்றால், இடைவெளியும் சேர்த்து ஓர் உருவத்துக்கு 13 மி.மீ., சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே 1 செ.மீ. என்று வைத்துக்கொண்டேன். பிறகு காகிதப் பட்டையில் அச்சிட்டு, அதே அளவுள்ள ஒரு அண்டாவில் சுற்றி, அண்டாவை நாற்காலி மேல் நாற்காலி போட்டு உயர்த்தி வைத்து, கூடத்தின் மறுகோடியிலிருந்து பார்த்தோம். கேட்க எளிமையான வேலைதான். ஆனால் கணினித் திரையில் அழகாக இருந்த பாதி வரிகள் இந்தச் சோதனையிலேயே விழுந்துவிட்டன.

எழுத்தின் உயரத்தை நம் விருப்பப்படி குறைக்கவும் முடியாது. எங்கள் மணி கும்பகோணம் பக்கத்துப் பட்டறையில் வார்க்கப்பட்டது. எழுத்தை மெழுகில் செய்து அச்சுருவின் மேல் ஒட்டி வார்த்தால் அது மணியோடு ஒன்றாகப் பிறந்த புடைப்பெழுத்தாக வரும். வார்த்த பிறகு உளியாலோ எந்திரத்தாலோ வெட்டுவது இன்னொரு வழி. புடைப்பெழுத்துதான் பார்வைக்குக் கம்பீரம். மணிக்குள் இருந்தே எழுத்து எழுந்து வந்ததுபோல இருக்கும். ஆனால் அதற்கு இரண்டு பகை உண்டு என்று பட்டறைக்காரர் சொன்னார். ஒன்று சுழி. மூன்று சுழி ண போன்ற எழுத்து சிறிதாக இருந்தால் உலோகம் ஓடிச் சுழிகள் அடைத்துக்கொள்ளும். மற்றது புள்ளி. வார்த்தபின் அரம் போட்டு, தேய்த்து மெருகேற்றும்போது சின்னப் புள்ளி உதிர்ந்துவிடும். பழைய கல்வெட்டுகளிலும் ஓலைகளிலும் பெரும்பாலும் புள்ளி வைக்காமலே எழுதினார்கள், படிப்பவர்களும் பழகியிருந்தார்கள். இன்றைக்கு மெய்யெழுத்தில் புள்ளி போய்விட்டால் பிழை என்றுதான் நினைப்பார்கள். எனவே மணிக்கு வரி தேடுகிறவர் பொருளோடு சேர்த்துப் புள்ளிகளையும் எண்ண வேண்டும்.

எடுத்துப் பார்த்த வரிகள்

எல்லாருக்கும் முதலில் தோன்றுவது திருக்குறள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். தம்பி சொன்னது:

ஈதல் இசைபட வாழ்தல் அதுவல்லது
ஊதியம் இல்லை உயிர்க்கு.

மணிக்கென்றே செய்ததுபோல ஒரு பொருத்தம் இதில் உண்டு. 'இசை' என்பதற்கு இங்கே புகழ் என்று பொருள், ஆனால் மணியில் பொறித்தால் ஓசையும் சேர்ந்து கேட்கும். இன்னொரு நன்மையும் இருக்கிறது. குறளில் பல இடங்களில் சீர் பிரியும் இடமும் சொல் பிரியும் இடமும் வேறாக இருக்கும். 'தாள்சேர்ந்தார்க் கல்லால்' என்று சீர்பிரித்துப் பொறித்தால், பழகாதவர் 'கல்லால்' என்பதைக் கல்லோடு சேர்த்துப் படித்துவிடுவார். சொல் பிரித்து எழுதினால் யாப்பு தெரிந்தவருக்கு உறுத்தும். இந்தக் குறளில் அந்தச் சங்கடமே இல்லை.

ஆனாலும் நான் வேண்டாம் என்றேன். ஒரு கொடையின் மேல் 'கொடுத்துப் புகழோடு வாழ்வதே உயிருக்கு ஊதியம்' என்று எழுதி, அதற்குக் கீழே கொடுத்தவர் பெயரையும் போட்டால், வள்ளுவர் எல்லாருக்கும் சொன்ன அறம் எங்களுக்கு நாங்களே கொடுத்துக்கொண்ட பாராட்டாக மாறிவிடுகிறது. அம்மா எதைக் கொடுத்தாலும் புடவைத் தலைப்பில் மறைத்துக் கொடுப்பவர். வேறொருவர் மற்றொருவருக்கு நினைவுப் பரிசு தரும்போது இந்தக் குறள் சரியாக இருக்கும். உபயக்காரரே தன் உபயத்தில் போடுவது சரியாக வராது. அளவும் இடித்தது. முதல் அடியில் 19 உருவங்கள். சொல் இடைவெளியும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 28 செ.மீ. ஆகிவிடுகிறது.

அடுத்தது தேவாரம். அப்பர் திருவையாற்றுத் தாண்டகத்தில் பாடுகிறார்:

ஓசை ஒலியெலாம் ஆனாய் நீயே

ஒரே வரி, பன்னிரண்டே எழுத்து. அவற்றில் இரண்டுதான் புள்ளி எழுத்து. உருவக் கணக்கில் 17, ஏறக்குறைய 25 செ.மீ. மணியின் ஒவ்வோர் அடிக்கும் இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியாது. கொடுத்தவர் யார் என்பதே இதில் இல்லை, ஓசையும் அதைத் தந்தவனும் மட்டும்தான் இருக்கிறார்கள். நீங்கள் சிவன் கோயிலுக்கு மணி கொடுப்பதாக இருந்தால் இதற்கு மேல் தேட வேண்டாம் என்பது என் எண்ணம்.

எங்களுடையது அம்மன் கோயில். 'நீயே' என்று யாரையும் விளிக்கலாமே என்று தம்பி வாதாடினான். குருக்களிடம் கேட்டோம். அவர் தடை சொல்லவில்லை. "பாடினது ஐயாறப்பனைப் பார்த்து. அம்பாள் வாசலில் அம்பாளைப் பாடினது இருக்கும்போது ஏன் அங்கே போகணும்?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி எல்லாக் கோயிலுக்கும் பொருந்தும். முருகன் கோயில் என்றால் கந்தரனுபூதியில் 'குருவாய் வருவாய் அருள்வாய் குகனே' இருக்கிறது. பெருமாள் கோயில் என்றால் பெரியாழ்வாரின் 'பல்லாண்டு பல்லாண்டு' இருக்கிறது. மணிக்கு வைணவத்தில் தனிப் பெருமையே உண்டு, வேதாந்த தேசிகரைத் திருவேங்கடமுடையானின் திருமணியின் அவதாரமாகப் போற்றுகிறார்கள். சன்னதிக்கு உரிய பாட்டு இருக்கும்போது பொதுவான பாட்டைத் தேடிப் போவது எனக்கும் சரியாகப் படவில்லை.

அம்பாளுக்கு என்றதும் அத்தை யோசிக்கவே இல்லை, அபிராமி அந்தாதியைச் சொன்னார். தை அமாவாசை வந்தால் அம்மாவும் அத்தையும் சேர்ந்து நூறு பாட்டையும் படிப்பார்கள்.

மணியே மணியின் ஒளியே ஒளிரும் மணிபுனைந்த
அணியே அணியும் அணிக்கழகே அணுகாதவர்க்குப்
பிணியே பிணிக்கு மருந்தே அமரர் பெருவிருந்தே
பணியேன் ஒருவரை நின்பத்ம பாதம் பணிந்தபின்னே.

நான்கு அடியும் மணியில் ஏறாது. எங்கே வெட்டுவது? பாட்டிலிருந்து ஒரு துண்டை எடுக்கும்போது கவனமாக இருக்க வேண்டிய இடம் இதுதான். முதல் அடியை முழுசாக எடுத்தால் 'மணிபுனைந்த' என்று தொங்கும், அது அடுத்த அடியின் 'அணியே'யோடு சேர வேண்டிய சொல். இரண்டாம் அடி 'அணுகாதவர்க்குப்' என்று இன்னும் மோசமாக அறுந்து நிற்கும். வரவேற்கும் வாசலில் அது இருக்கவே கூடாது. ஆனால் முதல் மூன்று சீர்கள், 'மணியே மணியின் ஒளியே', விளியாகவே முடிந்து நிற்கின்றன. எதற்காகவும் அடுத்த சொல்லை எதிர்பார்க்கவில்லை. பத்தே எழுத்து, 12 உருவம், புள்ளி ஒன்றே ஒன்று. இவ்வளவு குறைவாக இருந்ததால் எழுத்தை 14 மி.மீ. உயரத்துக்குக் கூட்ட முடிந்தது. அப்படியும் 21 செ.மீ.-க்குள் அடங்கிவிட்டது. இரண்டு 'ணி' வருகிறது, சுழி அடைத்துக்கொள்ளுமோ என்ற பயத்துக்கும் அந்த உயரம்தான் மருந்து.

இதிலும் ஒரு முள் இருந்தது. பட்டர் பாடிய மணி, ரத்தினம். அதனால்தான் அது ஒளி விடுகிறது. வெண்கல மணியின் மேல் 'மணியின் ஒளியே' என்று பொறித்தால், பார்ப்பவர் 'ஒலியே' என்பதற்குப் பதிலாகப் பிழையாக விழுந்துவிட்டது என்று நினைப்பாரே? தம்பி உடனே "அப்போ ஒலியே என்று மாற்றிவிடலாம், இன்னும் பொருத்தமாக இருக்கும்" என்றான். ஓர் எழுத்துதான், ஆனால் நான் ஒத்துக்கொள்ளவில்லை. பாடியவர் சொல்லாத சொல்லை அவர் பாட்டாக உலோகத்தில் ஏற்றினால், நூறு ஆண்டு கழித்துப் பார்ப்பவர் அதையே மூலம் என்று எண்ணுவார். பாட்டைத் தெரிந்தவர் வாசலிலேயே முகம் சுளிப்பார். மாற்றினால்தான் பொருந்தும் என்றால் அந்த வரியை விட்டுவிட வேண்டும், மாற்றக்கூடாது. பிழை என்று நினைக்கிறவர்களுக்கு என்ன செய்வது என்றால், பலகையில் பாட்டின் பெயரைப் போட்டுவிடலாம் என்று அத்தை சொன்னார். அதுவே தீர்வானது.

நானே எழுதிப் பார்த்த வெண்பா

சொல்ல வேண்டும், நான் முதலில் விரும்பியது இவற்றில் எதையும் அல்ல. அம்மாவுக்காக நானே ஒரு குறள் வெண்பா எழுத வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன். முதல் வடிவம் இது:

ஒலிக்கும் மணிகேட் டொருங்கும் மனத்தில்
நிலைக்கும் அவள்தாள் நிழல்.

தளை தட்டவில்லை. கடைசிச் சீரைத் தவிர எல்லாம் புளிமா, ஒவ்வொன்றுக்கும் அடுத்த சீர் நிரையில் தொடங்குகிறது, 'நிழல்' என்பது மலர் என்னும் வாய்பாட்டில் முடிகிறது. ஒலிக்கும், நிலைக்கும் என்று எதுகையும் அமைந்தது. ஆனால் 'மணிகேட் டொருங்கும்' என்பதை உலோகத்தில் நினைத்துப் பாருங்கள். 'டொருங்கும்' என்று ஒரு சொல் தமிழில் இல்லை. ஏட்டில் இருந்தால் ஆசிரியர் பிரித்துச் சொல்லிக் கொடுப்பார். மணியில் யார் சொல்வது? 'மணிகேட்டு ஒருங்கும்' என்று பிரித்தால் கேட்டு என்பதில் ஓர் அசை கூடித் தளை கெடுகிறது. சரி, 'மணியால் ஒருங்கும்' என்று மாற்றினேன். மணி, யால் என்று அதே நிரை நேர் வந்தது, சொல்லும் முழுசாக நின்றது.

அப்புறம் உயர்நிலை இரண்டில் படிக்கும் அக்கா மகனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். தடங்கலில்லாமல் படித்தான். பொருள் கேட்டால், "அம்மனோட பேப்பர் நிழல்?" என்றான். அவனுக்குத் தாள் என்றால் வினாத்தாள், விடைத்தாள்தான். சிங்கப்பூரில் இந்த மணியை இன்னும் ஐம்பது ஆண்டு பார்க்கப் போகிறவர்கள் அவனும் அவன் வயதுப் பிள்ளைகளும். அவர்கள் அகராதியில் இல்லாத சொல்லை அவர்களுக்காகப் பொறிப்பது சரியா? 'அவளடி' என்று மாற்றிப் பார்த்தேன். அது விளச்சீர், விளத்துக்கு அடுத்து நேர் வர வேண்டும், 'நிழல்' நிரை, ஆகவே கெட்டது. கடைசியில் இப்படி வந்தது:

ஒலிக்கும் மணியால் ஒருங்கும் மனத்தில்
நிலைக்கும் அவளின் நிழல்.

தாள் போனதும் வெண்பா எளிதாகிவிட்டது. கூடவே, நான் தேடாத ஒன்றும் வந்து சேர்ந்தது. அவள் என்பது அம்மனும்தான், அம்மாவும்தான். எழுதி முடித்த இரவு அதைப் படித்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அத்தைதான் நிறுத்தினார். "கவிதை நல்லாத்தான் இருக்கு. ஆனா சாமி மணியில போட்டா யாரைச் சொல்றேன்னு கேப்பாங்க. பலகையில போட்டா கீழே அண்ணி பேர் இருக்கும். அண்ணியை நீ அவள்னு எழுதுவியா?" எனக்குப் பதில் இல்லை. வீட்டுக்குள் அம்மாவை அவள் என்பது பாசம். பொதுச் சுவரில் அப்படிப் பொறித்தால் மரியாதைக் குறைவாகத்தான் படிக்கப்படும். 'அவரின்' என்று போட்டால் தளை கெடாது, ஆனால் அம்மன் போய்விடுகிறாள். இரண்டு பொருள் தருவதுதான் அந்த வெண்பாவின் உயிர், பொறிப்புக்கு அதுவே தடை. தெரியாதவர் பார்த்தாலும் ஒரே பொருளில் போய்ச் சேர வேண்டிய இடம் அது. அந்த வெண்பாவை அம்மாவின் ஆண்டுத் திதியன்று வந்தவர்களுக்குக் கொடுத்த சிறிய அட்டையில் அச்சிட்டோம். அங்கே அதற்கு இடம் சரியாக இருந்தது.

நேரிசை வெண்பா எழுதி, நான்கு அடிக்குள் பெயர், ஊர், ஆண்டு எல்லாவற்றையும் அடைத்துவிடலாம் என்று தமிழாசிரியரான நண்பர் ஒருவர் சொன்னார். முயன்றவர்களின் பலகைகளைப் பார்த்திருக்கிறேன். பெயருக்காக எதுகையும், எதுகைக்காகப் பொருளில்லாத அடையும் வந்து சேர்கிறது. பெயரும் தேதியும் உரைநடையில் இருந்தால்தான் யாருக்கும் சந்தேகம் வராது.

பலகையில் பாட்டு வேண்டாம் என்று ஏன் முடிவு செய்தோம்

பெயரையும் பொருளையும் நேராகச் சொல்லும் பொறிப்பு எவ்வளவு தூரம் நிற்கும் என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று நியூசிலாந்தில் கிடைத்த தமிழ் மணி. 1836 வாக்கில் வில்லியம் கொலன்சோ என்ற மிஷனரி அதைப் பார்த்தபோது, மாவோரி மக்கள் உருளைக்கிழங்கு வேகவைக்கும் பாத்திரமாக அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். உடைந்துபோன வெண்கல மணி. இன்று வெலிங்டன் அரும்பொருளகத்தில் இருக்கிறது. அதிலுள்ள எழுத்து சொல்வது, முகைதீன் பக்சு என்பவருடைய கப்பலின் மணி என்பது மட்டும்தான். யாருடையது, எதனுடையது. கப்பல் என்ன ஆனது என்று தெரியாமல் போனாலும் அந்தச் செய்தி போகவில்லை.

நம் ஊரிலேயே எதிர்மாறான ஒன்று உண்டு. சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரத்தில் ஏறக்குறைய ஐம்பது வரி எழுத்தோடு ஒரு பெரிய மணற்பாறை நின்றது. 1843-இல் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். மிஞ்சிய ஒரு துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது, எழுத்து தேய்ந்துபோய் இன்றுவரை படித்துத் தீர்க்கப்படவில்லை. கல் என்பதால் மட்டும் நிலைத்துவிடாது. அந்த இடத்தைப் பொறுப்பில் வைத்திருப்பவர் காப்பாற்றினால்தான் நிலைக்கும்.

கோயிலிலும் அதே கதைதான். இங்கே பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி நடக்கிறது. சுவரைத் தட்டுவார்கள், ஓடு மாற்றுவார்கள், பலகைகளைக் கழற்றி அடுக்குவார்கள். எல்லாம் திரும்பவும் மாட்டப்படுவதில்லை. ஆகவே பலகை முக்கியமாகப் பேச வேண்டியது நாளைய நிர்வாகக் குழுவிடம்தான். நம் பழைய கல்வெட்டுகள் அதைச் செய்தன. கொடையை விவரித்து முடித்து, கடைசியில் இப்படி ஒரு தொடர் வரும்: 'இத்தர்மம் ரக்ஷித்தார் ஸ்ரீபாதம் என் தலைமேலன.' இந்தத் தர்மத்தைக் காப்பாற்றுகிறவருடைய திருவடி என் தலையின் மேல் இருக்கும் என்று கொடுத்தவர் சொல்கிறார். இதில் கொடுத்தவருக்குப் பெருமை இல்லை, எதிர்காலத்தில் வரப்போகும் முகம் தெரியாத ஒருவரை அவர் கும்பிடுகிறார். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜனே 'நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்' கல்லில் வெட்டச் சொன்னபோது, தன்னோடு மற்றவர்களையும் அதே மூச்சில் சேர்த்தான். கல்வெட்டு உரைநடைக்கு அந்தக் கண்ணியம் பழக்கம்.

தொகையைப் போடலாமா என்ற பேச்சும் வந்தது. கல்வெட்டில் தொகை இருக்கிறதே என்று ஓர் உறவினர் கேட்டார். உண்மைதான். ஒரு நந்தா விளக்குக்கு 90 அல்லது 96 ஆடு விட்டார்கள், அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்று எழுதினார்கள். ஆனால் அந்த எண்ணுக்கு வேலை இருந்தது. ஆட்டை ஏற்றவரும் அவர் வழியினரும் தொடர்ந்து நெய் அளக்க வேண்டும் என்ற உடன்பாடு அது. நாங்கள் எத்தனை வெள்ளி கொடுத்தோம் என்பதால் இனிமேல் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஆகவே போடவில்லை.

பழந்தொடரை அப்படியே வைக்க எனக்கு ஆசை. ஆனால் 'தலைமேலன' என்பதை இன்றைக்கு அச்சுப்பிழை என்று நினைப்பார்கள். இது ஒருவர் பாடிய பாட்டல்ல, கல்லுக்குக் கல் மாறிவந்த வழக்குத் தொடர். அதனால் இதைத் தமிழ்ப்படுத்துவதில் எனக்குத் தயக்கமில்லை. பலகையில் வந்தது இதுதான்:

மணியே மணியின் ஒளியே (அபிராமி அந்தாதி)
எங்கள் அம்மாவின் நினைவாக இம்மணி
மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் உபயம்
இவ்வறம் காப்பவர் திருவடி எங்கள் தலைமேல்

இரண்டாம் வரிக்குக் கீழே அம்மாவின் பெயர், கடைசியில் ஆண்டு. தமிழ் ஆண்டுப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். விசுவாவசு என்று மட்டும் போட்டால் 2025-ஆ 2085-ஆ என்று பின்னால் வருபவர் திணறுவார். அதனால் எண்ணிலேயே போட்டோம்.

பலகைக்குக் கறுப்புக் கருங்கல் எடுத்தோம். லேசரில் பொறிப்பது மலிவு, ஆனால் அது மேல்பரப்பை மட்டும் வெளுக்கச் செய்கிறது. மணல் வீசி ஒன்றிரண்டு மி.மீ. ஆழம் வெட்டினால், தங்க வண்ணம் உதிர்ந்த பிறகும் பள்ளம் நிற்கும், மறுபடி வண்ணம் தீட்டலாம். பித்தளைப் பலகையை வேண்டாம் என்றதற்குக் காரணம் அன்பர்களின் கைங்கரியம்தான். திருவிழாவுக்குத் திருவிழா தேய்த்துத் தேய்த்து எழுத்தை மழுக்கிவிடுவார்கள்.

பலகை வெட்டிய கடையில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் இல்லை. நாங்கள் தட்டச்சிட்டு அனுப்பியதை அவர்கள் மென்பொருளில் ஒட்டியதும் 'பேரப்பிள்ளைகள்' என்பதில் கொம்பு ப-வுக்குப் பின்னால் போய்விட்டது, 'ளை'யின் இணைக்கொம்பு தனியாக ஒரு புள்ளிவட்டத்தோடு நின்றது. மாதிரிப் படத்தைக் கேட்டு வாங்கியிராவிட்டால் அப்படியே கல்லில் ஏறியிருக்கும். அதன்பிறகு எழுத்தாக அனுப்பாமல், ஒவ்வோர் எழுத்தையும் கோட்டுருவமாக மாற்றி, பிடிஎஃப் கோப்பாக அனுப்பினோம். கோட்டுருவம் ஆனபின் எந்த மென்பொருளும் கொம்பை நகர்த்த முடியாது. அதை இரண்டு பேர் தனித்தனியாக, கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்துவரை தலைகீழாகப் படித்துச் சரிபார்த்தோம். நேராகப் படித்தால் கண் பிழையைத் தானே திருத்திக்கொண்டு போய்விடும்.

பட்டறைக்கும் அதே கோப்புதான் போனது. வார்ப்பதற்கு முன் மெழுகில் எழுத்து ஒட்டிய நிலையில் படம் அனுப்பச் சொல்லியிருந்தோம். மெழுகில் பிழை இருந்தால் சில நிமிடத்தில் கீறி எடுத்துவிடலாம், வெண்கலத்தில் முடியாது. படம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை வந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். எழுத்தெல்லாம் அழகாக இருந்தது, 'மணியே மணியின் ஒலியே' என்று. நல்ல எண்ணத்தில்தான் யாரோ திருத்தியிருக்கிறார்கள், மணிக்கு ஒலிதானே என்று. உடனே அழைத்தேன். பட்டறைக்காரர் பாட்டை முழுசாகச் சொல்லச் சொன்னார். தொலைபேசியில் நான்கு அடியையும் சொன்னேன். மூன்றாம் அடியிலிருந்து அவரும் கூடச் சொன்னார். மறுநாள் காலை வந்த படத்தில் ளி இருந்தது, 'மணியின்' என்பதில் புள்ளியைக் கொஞ்சம் தடிப்பாகவும் வைத்திருந்தார்.